சொல்ல வேண்டியது உண்டு

இறந்துபோன ஒரு பையனின் பெயரிலிருந்து எனக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. மாசி மாதம், மத்தியான நேரம், கழக்கூட்டத்தில் என் கம்பெனி கேண்டீனில் சாம்பாரும் அவியலும் பிசைந்துகொண்டிருந்தேன். திரையில் அவன் பெயர், அவன் கண்ணாடி போட்ட படம், கீழே ஒரு ஸ்கிரீன்ஷாட். எனக்குப் பேய் பிசாசு நம்பிக்கை கிடையாது. நம்புகிறவர்களை வாய்க்கு வந்தபடி கேலி செய்கிறவள் நான். ஆனாலும் அன்றைக்குச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

கை கழுவிய பிறகுதான் புத்தி வந்தது. அந்த போன் இப்போது அவன் அம்மாவிடம், நான் அக்கா என்று கூப்பிடுகிறவரிடம், இருக்கிறது. அவன் போய் ஆறு மாதமாகியும், அவனுடைய இந்திய நம்பருக்கு அக்கா மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறார். தினமும் காலையில் சார்ஜில் போடுகிறார். பூட்டைத் திறக்கும் எண் அவருடைய பிறந்த தேதி, பையன் வைத்தது. அனுப்பியது அக்காதான். படத்தின் கீழே மலையாள எழுத்தில் எழுதியிருந்தார், "டீச்சரே, இது என்னவாக்கும்?"

நான் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். வாரநாட்களில் கம்பெனிக்கு, சனி ஞாயிறுகளில் ஜப்பான் போக ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பாடம். அவனும் அப்படி வந்தவன்தான். கரமனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்குப் பழவங்காடியில் தேங்காய்க் கடை. என் வீட்டில் அப்போது மராமத்து வேலை நடந்ததால் மூன்று மாதம் அவர்கள் வீட்டிலேயே பாடம் எடுத்தேன். அக்கா எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டே கேட்பார். ஜப்பானியர்களின் எளிய எழுத்து நாற்பத்தாறையும் மகனுக்கு முன்னால் அவர் படித்துவிட்டார். கஷ்டமான சீன எழுத்துகளைக் கண்டால் மட்டும், "இது வேண்டாம் டீச்சரே, இது வீடு கெட்டின மாதிரி இருக்கு" என்பார்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது வாடகை வீட்டு விளம்பரம். பார்த்த மாத்திரத்தில் எந்த வீடு என்று தெரிந்துவிட்டது. ஏனென்றால் அதே வீட்டின் விளம்பரத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் கூடத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துச் சொன்னதே நான்தான்.

அது நடந்தது அவன் ஜப்பான் போய் ஆறாவது மாதம். கம்பெனி விடுதியைக் காலி செய்ய வேண்டும், சொந்தமாக வீடு பார்க்க வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு வீடு தருகிறவர்கள் அங்கே குறைவு. கிடைத்த ஒன்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, "டீச்சர், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விளக்கிச் சொல்லுங்க, என்னால முடியல" என்றான். அவனையும் வீடியோவில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

முதலில் 1K. ஓர் அறை, கதவு போட்டுப் பிரித்த ஒரு சின்ன அடுக்களை, அவ்வளவுதான் என்றேன். K-க்கு முன்னால் D சேர்ந்தால் அங்கேயே உட்கார்ந்து சாப்பிட இடமிருக்கும், L-உம் சேர்ந்தால் கூடமும் கிடைக்கும். இவனுக்கு வெறும் K. படத்தில் ஒரு மூலையில் PS என்று சின்னக் கட்டம். அண்ணன், அதாவது அவன் அப்பா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இதென்ன, வீட்டுக்குள்ளேயே போலீஸ் ஸ்டேஷனா?" என்றார். நம் ஊரில் பி.எஸ். என்றால் வேறென்ன? குழாய்கள் போகிற பொந்து என்று சொன்னதும் பையன் வீடியோவில் சிரித்துப் புரண்டான். UB என்றால் குளியலறையை ஒரே அச்சில் வார்த்துக் கொண்டுவந்து வைத்தது. CL துணி அலமாரி. வட்டத்துக்குள் ஓர் எழுத்து இருந்தால் அங்கே சலவை இயந்திரம்.

அறையின் அளவு ஆறு பாய் என்று போட்டிருந்தது. மேல்நாட்டு மோஸ்தர் அறை, மரத்தரை, பாயே கிடையாது; ஆனாலும் கணக்கு மட்டும் பாய்க் கணக்கு. ஒரு பாய் ஏறக்குறைய ஆறடிக்கு மூன்றடி. அக்கா எழுந்து போய் வீட்டிலிருந்த கோரைப்பாய்களைக் கொண்டுவந்தார். போதாமல் பக்கத்து வீட்டில் இரண்டு வாங்கிவந்து, ஆறையும் கூடத்தில் சேர்த்து விரித்தார். நடுவில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, "என் மோன் இதுக்குள்ள காலு நீட்டுவானா?" என்று கேட்டார். "நீட்டுவேம்மா, நான் என்ன பனைமரமா?" என்றான் அவன்.

பிறகு பணத்தின் வரி. முதல் எழுத்து ஷிகி, பக்கத்தில் ஒன்று. இரண்டாவது ரெய், அதற்கும் ஒன்று. ஷிகி என்பது விரிப்பது, பாய் விரிக்கிறோமே அந்த விரிப்பு. ஒரு மாத வாடகை முன்பணம், காலி செய்யும்போது கழிவு போக மீதி வரும். ரெய் என்றால் மரியாதை, வணக்கம். வீட்டுக்காரர் வீடு தந்ததற்கு நன்றி சொல்லி ஒரு மாத வாடகை, அது திரும்பி வராது. அண்ணனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "வீடு வாடகைக்குத் தந்ததுக்கு நன்றிக் காசா? இது நம்ம சாலைக் கடைத்தெருவுல கடை தர்றதுக்குப் பகடிப் பணம் வாங்குற மாதிரியில்ல இருக்கு! நான் தேங்கா விக்கிறதுக்கு ஒருத்தனும் எனக்கு நன்றிக் காசு தரல்லியே."

கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி, மிதிவண்டி நிறுத்தும் இடம் பற்றி. அது 'அரி' என்று முடிந்தது. எளிய எழுத்து என்பதால் அக்கா சட்டென்று படித்துவிட்டு, "அரியா? வாடகைக்கு அரிசியும் தருவானா?" என்றார். நம் ஊர் மலையாளத்தில் அரி என்றால் அரிசிதானே. "இல்லக்கா, அரின்னா உண்டுன்னு அர்த்தம். சைக்கிள் வைக்க இடம் உண்டு" என்றேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது ஒரு வேடிக்கையாகிப்போனது. சாம்பார் உண்டா என்று கேட்டால், "சாம்பார் அரி" என்பார் அக்கா.

அந்த வீட்டில்தான் அவன் ஒன்றரை வருஷம் இருந்தான். அந்த வீட்டில்தான் செத்துப்போனான்.

போன ஆகஸ்டில் அங்கே ஒபோன் விடுமுறை. செத்துப்போன மூதாதையர் வீட்டுக்குத் திரும்பி வருவதாக ஜப்பானியர்கள் நம்புகிற நாட்கள் அவை, கம்பெனியெல்லாம் மூடிவிடும். விடுமுறை முடிந்து இவன் வேலைக்கு வரவில்லை. கம்பெனியிலிருந்து போய்க் கதவைத் திறந்தபோது எல்லாம் முடிந்து ஏறக்குறைய ஐந்து நாளாகியிருந்தது. இதயம். இருபத்தேழு வயது. வெயில் காலம் வேறு. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

அந்தக் கம்பெனி ஆள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்று என் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தான், மொழி தெரிந்தவள் என்று. என் காதில் விழுந்த அந்தச் சேதியை இரண்டு தெரு நடந்து போய்ச் சொல்ல வேண்டும். வழியிலேயே அண்ணன் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் மதில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "ஆஸ்பத்திரியில வச்சு போனதா சொல்லு டீச்சர். பக்கத்துல ஆளு இருந்தாங்கன்னு சொல்லு. இல்லேன்னா அவ தாங்க மாட்டா" என்றார்.

நான் சரி என்றேன். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கே நான் நூறு தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் நான் வாயால் சொன்னதோடு நிறுத்தவில்லை. சாம்பலோடு வந்த மரணச் சான்றிதழை ஆபீஸ் காரியங்களுக்காக ஆங்கிலத்தில் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். அதை அண்ணன் கடை மேசையில் வைத்துப் பூட்டிக்கொண்டார். அக்கா கேட்டபோது, அவருக்கென்று தமிழில் ஒன்று எழுதிக்கொடுத்தேன். மரணம் நிகழ்ந்த இடம் 'சொந்த இருப்பிடம்' என்று இருந்ததை 'மருத்துவமனை' ஆக்கினேன். தேதிக்குப் பின்னால் 'வாக்கில்' என்று பொருள் தரும் ஓர் எழுத்து இருந்தது. எந்த நாள் என்று திட்டமாகத் தெரியாது, உத்தேசம், என்று அர்த்தம். அதை விட்டுவிட்டேன். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் ஓர் எழுத்தை விட்டதில்லை என்று பீற்றிக்கொள்கிறவள் நான். அந்தத் தேதியை வைத்துத்தான் திருவல்லம் கோயிலில் வருஷத் திதிக்கு நாள் குறித்து வைத்திருந்தார்கள்.

ஸ்கிரீன்ஷாட் வந்த அன்று சாயங்காலமே வருவதாக அக்காவுக்குப் பதில் போட்டேன். தெருவில் ஆற்றுக்கால் பொங்கலுக்கு அடுப்பு கூட்ட இருபுறமும் செங்கல் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் முதல் ஆளாக இடம் பிடிக்கிற அக்காவின் வீட்டு வாசலில் மட்டும் கல் இல்லை. சாவு நடந்த வீடு, ஒரு வருஷத்துக்குப் பொங்கல் இல்லை.

அக்கா கூடத்தில் இரண்டு போன்களை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்று அவருடையது, அதில் பழைய ஸ்கிரீன்ஷாட். மற்றது அவனுடையது, அதில் புதியது. அண்ணன் இன்னும் கடையில்தான்.

"மத்தியானம் இது தன்னால கூவிச்சு டீச்சரே. அவன் கூப்பிடுறானோன்னு ஓடி வந்தேன்" என்றார்.

எனக்கு விஷயம் புரிந்தது. வீடு தேடிய காலத்தில் அந்த வாடகை வீட்டு ஆப்பில் அவன் தன் தேவைகளைப் பதிந்து வைத்திருக்கிறான். இந்த ரயில் நிலையம், நடந்தால் எட்டு நிமிடத்துக்குள், 1K. பொருந்துகிற வீடு வந்தால் அது சொல்லும். அவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சொல்லும். சொல்லிவிட்டது.

"இது அவன் இருந்த வீடுதானே? படம் அதேதான். அந்த பி.எஸ். மூலையில இருக்கு. ஜன்னல் கம்பி எனக்குத் தெரியாதா, ஒன்றரை வருஷம் வீடியோவுல பாத்ததாக்கும்."

"ஆமாக்கா. காலியா இருக்குன்னு திரும்பப் போட்டிருக்காங்க" என்றேன். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

அவர் விடவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கேட்டார். வாடகை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விரிப்புக் காசுக்கு நேரே பூஜ்யம். மரியாதைக் காசுக்கும் பூஜ்யம். "அன்னிக்கு ரெண்டும் ஒண்ணு ஒண்ணு இருந்ததே?" என்றார். இப்போது வீடுகளுக்குக் கிராக்கி குறைவு, பல பேர் இப்படித்தான் போடுகிறார்கள் என்றேன். அது பொய் இல்லை. பல வீடுகளுக்கு அங்கே இப்போது இரண்டும் பூஜ்யம்தான். ஆனால் இந்த வீட்டுக்கு அது காரணம் இல்லை. மிதிவண்டி இடம், தண்ணீர், தீக்காப்பீடு என்று மற்றதையும் படித்துவிட்டு, "அவ்வளவுதான்க்கா" என்று போனை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஒரு வரி விட்டுட்டீங்க."

அக்கா போனைத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார்.

"இதா. சைக்கிளுக்கு மேல. அன்னிக்கு இந்த வரி இல்ல, நான் ஒத்துப் பாத்தேன். முன்னால வீடு கெட்டின மாதிரி நாலு எழுத்து, அது எனக்குத் தெரியாது. பின்னால அரி. அரின்னா உண்டுன்னு நீங்கதான் சொன்னீங்க." அவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன உண்டு டீச்சரே?"

கொகுச்சி ஜிகோ அரி. ஜப்பானில் வாடகை விளம்பரம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த நாலு எழுத்து. தற்கொலையோ கொலையோ நடந்த வீடு, அல்லது ஒருவர் இறந்து நாட்கள் கழித்துத் தெரியவந்து அதற்கென்றே ஆள் வைத்துச் சுத்தம் செய்த வீடு, இப்படி ஏதாவது இருந்தால் வாடகைக்கு வருகிறவரிடம் சொல்ல வேண்டும். மூன்று வருஷம் வரை தானாகவே சொல்ல வேண்டும். இயற்கையாக நடந்து உடனே தெரிந்துவிட்ட சாவாக இருந்தால் இந்த வரி தேவையில்லை. ஆஸ்பத்திரியில் நடந்த சாவுக்கு இந்த வரி வரவே வராது. நான் எழுதிக் கொடுத்த தாளைப் பொய்யாக்க இந்த நாலு எழுத்து போதும்.

நாக்கின் நுனியில் இன்னொரு பொய் தயாராக நின்றது. புது வர்ணம் உண்டு, ஏசி உண்டு, எது வேண்டுமானாலும் சொல்லலாம். அக்காவின் பின்னால் சுவரில் அவன் படத்துக்குப் போட்டிருந்த மாலை காய்ந்திருந்தது.

"சொல்ல வேண்டிய விஷயம் உண்டுன்னு போட்டிருக்கு" என்றேன். வார்த்தைக்கு வார்த்தை சரியான மொழிபெயர்ப்பு.

"என்ன விஷயம்?"

"அதை இதுல எழுத மாட்டாங்க. கேட்டா சொல்வாங்க."

"அப்போ கேளுங்க."

விளம்பரத்தின் அடியில் தரகர் அலுவலகத்தின் எண் இருந்தது. அங்கே நேரம் எட்டரை மணியை நெருங்கியிருக்கும், மூடியிருப்பார்கள் என்றேன். "போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். ஒலிபெருக்கியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். மூடியிருக்க வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

இளைஞர் ஒருவரின் குரல், நல்ல மரியாதையான குரல். வீடு எனக்கா என்று கேட்டார். தெரிந்தவர்களுக்காக விசாரிக்கிறேன் என்றேன். அந்த வரியைப் பற்றிக் கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்கும் தொனியில், ஆனால் ஒன்றையும் மழுப்பாமல் சொன்னார். முன்பு குடியிருந்தவர் அறையிலேயே நோயால் காலமானார். சுமார் ஐந்து நாள் கழித்துத் தெரியவந்தது. முறைப்படி சுத்தம் செய்து, தரையை முழுவதும் மாற்றியிருக்கிறோம். பெயர், வயது, ஊர் இதெல்லாம் இறந்தவருக்குரியவை, நாங்கள் சொல்வதில்லை. தங்களுக்குத் தயக்கம் இருந்தால் வேறு வீடுகள் காட்டுகிறோம்.

அவர் பேசி முடித்துக் காத்திருந்தார். அக்காவும் காத்திருந்தார். அந்த அறையில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஐந்து நாள் என்பதற்கு அவர் சொன்ன சொல், இச்சி நி சான் என்று அக்கா படித்து வைத்திருந்த எண்களில் வராது. நான் எதைச் சொன்னாலும் அக்காவுக்கு அதுதான் உண்மை. ஆறு மாதத்துக்கு முன்னால் அந்த வசதியை ஒரு தடவை பயன்படுத்திக்கொண்டேன்.

சொல்லிவிட்டேன். அந்த இளைஞர் சொன்ன வரிசையிலேயே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். அறையிலேயே. நோயால். சுமார் ஐந்து நாள் கழித்து. தரையை மாற்றியிருக்கிறார்கள். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பிறகு அவருக்கு நன்றி சொல்லி போனை வைத்தேன்.

அக்கா அழவில்லை. கூடத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முன்பு ஆறு பாயையும் விரித்த இடத்தை.

"எங்க கிடந்தான்?" என்று கேட்டார்.

கம்பெனி ஆள் என்னிடம் சொல்லியிருந்தார். "அடுக்களைக் கதவுகிட்ட. தண்ணி எடுக்க எழுந்திருச்சிருக்கணும்."

"அஞ்சு நாளும் நான் அவனுக்கு மெசேஜ் போட்டேன். லீவுல ஊர் சுத்தப் போயிருக்கான், சல்லியம் பண்ணக்கூடாதுன்னு கூப்பிடாம இருந்தேன்." சட்டென்று நிமிர்ந்து, "அப்போ திதி?" என்றார்.

"நாள் சரியாத் தெரியாதுக்கா. 'வாக்கில்'னு இருந்தது. நான்தான் விட்டுட்டேன். ஆஸ்பத்திரின்னு எழுதினதும் நான்தான்." அண்ணன் சொல்லித்தான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. பேனா பிடித்தது என் கைதானே.

"அவர் சொல்லியிருப்பார். எனக்கு மனசிலாச்சு" என்றார் அக்கா.

மன்னித்துவிடுங்கள் என்று அவர் கையைப் பிடிக்கப் போனேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, என் கையைப் பிடிக்கவும் இல்லை. அந்த வரியில் விரலை வைத்தபடி கேட்டார், "இதை எல்லார்கிட்டயும் சொல்லணுமா? வீடு பாக்க வர்ற எல்லார்கிட்டயும்?"

"ஆமாக்கா. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி சொல்லியாகணும். அது அங்க முறை."

"முகம் தெரியாத ஆளு. போன்ல கேட்டதுக்கு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டான்."

"ஆமா."

அக்கா மகனின் போனை எடுத்து, முந்தானையால் திரையைத் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டார்.

"வாடகைக்கு வர்றவங்களுக்குச் சொல்லணும்னு அங்க முறை உண்டு. பெத்தவளுக்குச் சொல்லணும்னு இங்க இல்லையாக்கும்" என்றார்.